நான்கு பதிவு, நான்கு வேலை: பகுதி நேரமாக எழுதுகிறவர்களுக்கு ஒரு வழிமுறை

வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் ஒரு பதிவு எழுதலாம் என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். ஞாயிறு சாயங்காலம் உட்கார்கிறார்கள். தலைப்பை யோசித்து, தகவல் தேடி, இரண்டு பத்தி எழுதி, எழுதியதைத் திருத்தி, நடுவில் படம் தேடி, பதினொரு மணிக்கு அவசரமாக வெளியிடுகிறார்கள். மூன்று நான்கு வாரத்தில் அலுத்துவிடும். எழுத வராமல் அலுப்பதில்லை. தேடுவது, எழுதுவது, திருத்துவது, வெளியிடுவது ஆகிய நான்கும் வேறு வேறு மனநிலையைக் கேட்கும் வேலைகள். ஒரே உட்காரலில் மாறி மாறிச் செய்தால் ஒவ்வொரு முறையும் மனசு முதலிலிருந்து தயாராக வேண்டியிருக்கிறது.

இந்த நான்கையும் தனித்தனி அமர்வாகப் பிரித்து, ஒவ்வொரு அமர்விலும் நான்கு பதிவுக்கான வேலையைச் சேர்த்துச் செய்வதுதான் தொகுப்பு முறை. முதல் அமர்வில் நான்குக்கும் தகவல், அடுத்ததில் வரைவு, அப்புறம் திருத்தம், கடைசியில் தேதி குறித்து வரிசையில் வைப்பது.

நான் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். விசைப்படகுகள் ஐஸ் ஏற்றும் நாட்களில் தலை நிமிர நேரம் இருக்காது, படகு போகாத நாட்களில் மதியத்துக்கு மேல் ஓய்வாக இருக்கும். இந்தக் கரையில் பலருக்கும் நேரம் இப்படித்தான் கிடைக்கிறது. ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வேலையில் இருப்பவருக்குத் தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் எழுத முடியாத நாட்கள். கீழக்கரையில் கடை வைத்திருப்பவருக்கு நோன்பு மாதத்தின் கடைசி வாரம் அப்படி. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் என்ற கணக்கு நமக்கு ஒத்துவராது. நேரம் கிடைக்கும்போது சேர்த்துச் செய்து, கிடைக்காதபோது ஏற்கெனவே வரிசையில் நிற்பது வெளியாகட்டும் என்று விடுவதுதான் சரிப்படும்.

தொகுப்பைத் தேர்ந்தெடுப்பது

தொடங்குகிறவர்கள் நான்கு பதிவுக்கு மேல் எடுக்க வேண்டாம். அந்த நான்கும் ஒரே பொருளின் நான்கு பக்கங்களாக இருக்கட்டும். தனுஷ்கோடி பற்றி ஒன்று, முண்டு மிளகாய் பற்றி ஒன்று, பாம்பன் பாலம் பற்றி ஒன்று என்று எடுத்தால், தகவல் தேடும் அமர்வு நான்கு தனித்தனித் தேடலாகிவிடும். அதில் சேர்த்துச் செய்வதன் பலன் எதுவும் இல்லை. ஒரே பொருள் என்றால் ஒரே ஆளிடம் ஒரு முறை பேசியதே நான்குக்கும் உதவும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே தொகுப்பை வைத்துச் சொல்கிறேன். பொருள் கடல்பாசி. நான்கு பதிவுகள் இவை. முதலாவது, கடலில் தானாக வளரும் பாசியை எடுப்பது. இரண்டாவது, மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பது. மூன்றாவது, எடுத்த பாசியைக் காயவைப்பது. நான்காவது, காய்ந்த பாசி எங்கே போய் என்னவாகிறது என்பது.

தகவல் தேடப் போகுமுன் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே ஒரு கேள்வியை எழுதி வையுங்கள். இரண்டாவது பதிவுக்கு என் கேள்வி, "ஒரு மிதவை கட்டுவதிலிருந்து அறுப்பது வரை என்னென்ன நடக்கிறது?" அவ்வளவுதான். மிதவைக்கு எவ்வளவு மானியம், யார் வாங்குகிறார்கள், பவளப்பாறைக்குக் கெடுதலா என்பதெல்லாம் நல்ல கேள்விகள்தான், ஆனால் அந்தப் பதிவின் கேள்வி அல்ல. கேள்வி ஒன்றாக இருந்தால்தான் தகவல் போதுமா இல்லையா என்று சொல்ல முடியும். "கடல்பாசி வளர்ப்பு" என்று தலைப்பு மட்டும் எழுதி வைத்தால் தேடுவது ஒருபோதும் முடியாது.

முதல் அமர்வு: தகவல்

இதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பாதி கரையில், ஒரு பாதி மேசையில். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாளை நான் கரைக்குப் போக வைத்துக்கொள்கிறேன். அன்று வீட்டில் உட்கார்ந்து எதுவும் செய்ய முடியாது.

கரையில் ஒருவரிடம் பேசும்போது நான்கு பதிவின் கேள்விகளையும் கையில் வைத்திருங்கள். மிதவை பற்றிப் பேச ஆரம்பித்த அக்கா தானாகவே காயவைப்பதற்குப் போவார். அப்போது தடுக்க வேண்டாம், மூன்றாவது பதிவின் பக்கத்தைத் திருப்பினால் போதும். ஒலிப்பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். படம் எடுப்பதும் அப்படியே. தண்ணீரில் நின்று வேலை செய்யும் பெண்களைத் தூரத்திலிருந்து எடுத்துவிட்டு வருவது அவர்களுக்குப் பிடிக்காது, அந்தப் படத்தைப் பிறகு பயன்படுத்தவும் தயக்கமாக இருக்கும். இன்னொன்று, மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. படத்துக்காகத் தீவுப் பக்கம் படகில் போய்வரலாம் என்று யாராவது சொன்னால், வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

குறிப்பு எழுதும் முறைதான் இந்த அமர்வின் உயிர். ஒவ்வொரு குறிப்பிலும் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: தகவல், யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது. ஒரு எடுத்துக்காட்டு:

"எத்தனை நாள்ல அறுப்பீங்க அக்கா?"

"நாப்பத்தஞ்சு நாள் தம்பி. காத்து மாறுச்சுன்னா அதுக்கு முன்னாடியே இழுத்துருவோம்."

இதைக் குறிப்பேட்டில் நான் இப்படி எழுதுவேன்: "45 நாளில் அறுவடை. காற்று மாறினால் முன்னதாகவே கரைக்கு இழுப்பு. மிதவை வைத்திருக்கும் அக்கா, மண்டபம், நேரில், மாசி முதல் வாரம். பதிவு 2." கடைசியில் உள்ள பதிவு எண் முக்கியம். அது இல்லாவிட்டால் வரைவு எழுதும் நாளில் நான்கு பதிவின் குறிப்புகளும் ஒன்றாகக் கலந்து கிடக்கும், பிரிப்பதிலேயே அந்த அமர்வு போய்விடும்.

ஊர்ப் பெயரையும் எழுத்தில் வழங்கும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மிதவையில் வளர்ப்பதைக் கரையில் பெப்சி பாசி என்பார்கள், பெப்சி நிறுவனம் இங்கே அதைப் பரவலாக்கியதால். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அது கப்பாஃபைகஸ். இரண்டும் குறிப்பில் இல்லாவிட்டால் மேசையில் உட்கார்ந்து தேடும்போது ஒன்றும் அகப்படாது. மரிக்கொழுந்து, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று கரையில் சொல்லும் மற்றப் பாசிகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

மேசைப் பாதியில், கரையில் கேட்டதைச் சரிபார்க்க வேண்டும். கடல்பாசிக்கு நமக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்டபத்திலேயே மண்டல மையம் இருக்கிறது. முன்பு அந்த நிலையத்தின் தலைமையகமே இங்கேதான் இருந்தது. அவர்கள் வெளியிட்டிருக்கும் கையேடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கரையில் சொன்ன எண்ணும் கையேட்டு எண்ணும் ஒத்துப்போனால் ஒரு டிக் போடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதிவையுங்கள். அந்த வேறுபாடே சில நேரம் பதிவின் சுவையான பகுதியாகிவிடும்.

எப்போது நிறுத்துவது? பதிவின் கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் யாரோ கேட்பது போல. "மூங்கிலைச் சதுரமாகக் கட்டுகிறார்கள், குறுக்கே கயிறு கட்டுகிறார்கள், கயிற்றில் விதைப்பாசியைத் துண்டு துண்டாகக் கட்டுகிறார்கள், நங்கூரம் போட்டு மிதக்க விடுகிறார்கள், 45 நாளில் அறுக்கிறார்கள்" என்று தடங்கல் இல்லாமல் சொல்ல முடிந்தால் தகவல் போதும். ஓரிரு எண் விட்டுப்போயிருந்தால் பரவாயில்லை. ஆனால் நடுவில் ஒரு படியே தெரியவில்லை என்றால் இன்னும் போதவில்லை.

இந்த அமர்வை மூடுவதற்கு முன் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று வரி எழுதிவையுங்கள். முதல் வரி, இந்தப் பதிவு எந்தக் காட்சியில் அல்லது எந்தத் தகவலில் தொடங்கும். இரண்டாவது, நடுவில் எதை விரித்துச் சொல்லும். மூன்றாவது, எங்கே நிற்கும். தகவல் மனசில் சூடாக இருக்கும்போது இதற்குப் பத்து நிமிடம் ஆகாது. ஐந்து நாள் கழித்து வெறும் குறிப்புகளைப் பார்த்து இதைச் செய்வதானால் முக்கால் மணி நேரம் போகும். அமர்வுகளைப் பிரித்தும் பலருக்கு இந்த முறை கைகூடாமல் போவது இங்கேதான். பிரிப்பதைப் பற்றி மட்டும் யோசித்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எது கைமாற வேண்டும் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் அமர்வு: வரைவு

இணையத்தை அணைத்துவிட்டு எழுத வேண்டும். போன் ஃப்ளைட் மோடில் இருக்கட்டும். குறிப்புகளும் மூன்று வரியும் முன்னால் இருந்தால் போதும்.

எழுதிக்கொண்டே போகும்போது ஒரு எண் தெரியவில்லை, ஒரு பெயர் நினைவில் இல்லை என்றால் அதைத் தேடப் போகக் கூடாது. அந்த இடத்தில் `@@` என்று போட்டுவிட்டு மேலே போங்கள். தமிழ்ப் பதிவில் இந்தக் குறி இயல்பாக எங்கேயும் வராது, அதனால் பிறகு தேடினால் விட்ட இடங்கள் மட்டும் சரியாக வந்து நிற்கும். கேள்விக்குறி போட்டால் எழுத்தில் உள்ள எல்லாக் கேள்விக்குறியும் வந்துவிடும். எதைத் தேட வேண்டும் என்பதையும் கூடவே எழுதுங்கள். மிதவைப் பதிவின் வரைவில் ஒரு பத்தி இப்படி இருக்கும்:

"மூங்கிலைச் சதுரமாகக் கட்டுகிறார்கள், ஒரு பக்கம் @@அடி. இந்த வாரம் காற்று பலமாக இருப்பதால் தென்கடலில் மிதவை விடவில்லை. வடகடலில் தண்ணீர் அமைதியாக இருக்கிறது. விதைப்பாசி கட்டி @@நாள், குறிப்பைப் பார், ஆனதும் அறுக்கிறார்கள். மீன் கடிக்காமல் இருக்க அடியில் வலை கட்டுகிறார்கள், @@எல்லோருமா, சிலரா."

இது அழகான எழுத்து இல்லை, அழகாக இருக்கவும் வேண்டாம். ஆனால் இரண்டு நிமிடத்தில் எழுதியது. ஒரு பக்கத்துக்கு எத்தனை அடி என்று அப்போதே தேடப் போயிருந்தால், இணையத்தில் வேறு பத்து விஷயம் கண்ணில் பட்டிருக்கும், பத்தி அப்படியே நின்றிருக்கும்.

முன்னுரையில் தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. நடுப்பகுதிதான் உங்களுக்கு நன்றாகத் தெரியும், அங்கேயிருந்து தொடங்குங்கள். தட்டச்சு வேகம் வராதவர்கள் போனில் தமிழ்க் குரல் தட்டச்சைப் பயன்படுத்தலாம். நிறுத்தற்குறி இல்லாமல், சந்தி தவறி வரும், இருந்தாலும் வரைவுக்குப் போதும். அப்படிச் செய்பவர்களுக்கு மட்டும் இணையம் தேவைப்படலாம், உலாவியைத் திறக்காமல் இருந்தால் சரி.

நான்கையும் ஒரே நாளில் எழுத ஆசையாக இருக்கும். ஒரு உட்காரலில் இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் என்ன நடக்கிறது என்று கவனித்தால் தெரியும்: தொடக்க வாக்கியம் முதல் பதிவின் தொடக்கம் போலவே அமையும், "அதுமட்டுமல்லாமல்", "குறிப்பாக" போன்ற சொற்கள் பத்திக்குப் பத்தி வரும், குறிப்பில் உள்ள ஆட்களின் பேச்சு காணாமல் போய் வெறும் தகவலாக வரிசை கட்டும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கு மூடிவிடுங்கள். நான்கு பதிவுக்கு ஒன்றரை மணி நேர உட்காரல் இரண்டு ஒதுக்கினால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

எழுதி முடித்ததும் மேலே போய்த் திருத்த வேண்டாம். கோப்பின் தலையில் ஒரு வரி மட்டும் எழுதிவிட்டு மூடுங்கள்: எந்தப் பத்தி தளர்வாக இருக்கிறது, எதைப் பற்றிச் சந்தேகம். திருத்தும் நாளில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

மூன்றாம் அமர்வு: திருத்தம்

வரைவுக்கும் திருத்தத்துக்கும் நடுவில் குறைந்தது இரண்டு இரவாவது போக வேண்டும். எழுதிய அன்றே படித்தால் பக்கத்தில் இருப்பதைப் படிக்க மாட்டோம், மனசில் இருப்பதைத்தான் படிப்போம்.

முதல் வேலை விட்ட இடங்களை நிரப்புவது. நான்கு கோப்பிலும் `@@` தேடி எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எடுத்துவிட்டு, அப்புறம் இணையத்தைத் திறங்கள். சிலதுக்குக் கையேட்டில் பதில் இருக்கும், மிதவை பொதுவாக 12 அடிக்கு 12 அடி என்பது போல. சிலதுக்கு ஆளைக் கேட்க வேண்டும். நாலைந்து கேள்வியைச் சேர்த்து ஒரே முறை அந்த அக்காவுக்குப் போன் செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கூப்பிடாமல் இருப்பது அவருக்கும் நல்லது. பதில் கிடைக்காத இடத்தில் தோராயமாக ஒரு எண்ணைப் போட வேண்டாம், வாக்கியத்தை எண் இல்லாமல் மாற்றி எழுதுங்கள். "எல்லோருமா, சிலரா" என்பது தெரியவில்லை என்றால் "மீன் கடிக்காமல் இருக்க அடியில் வலை கட்டுவதுண்டு" என்றால் போதும்.

இரண்டாவது வேலை, தொகுப்பாக எழுதும்போது மட்டும் வரும் குறைகளைப் பிடிப்பது. தனிப் பதிவு எழுதுகிறவருக்கு இவை வராது, அதனால் பொதுவான எழுத்து வழிகாட்டிகளில் இவற்றைப் பற்றி அதிகம் இருப்பதில்லை. நான்கையும் அடுத்தடுத்து ஒரே மூச்சில் படித்தால்தான் தெரியும்.

ஒன்று, ஒரே தகவல் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வருவது. முதல் பதிவில் மரிக்கொழுந்திலிருந்து, ஜெல்லி போல உறையவைக்கும் அகாரை எடுக்கிறார்கள் என்று எழுதியிருப்போம். நான்காவதில், ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக வைத்திருக்கும் பொருளைப் பற்றிச் சொல்லும்போது, அதுவும் அதே பாசியிலிருந்து வருவது போல வாக்கியம் அமைந்திருக்கும். அது காராஜீனன், மிதவையில் வளர்க்கும் பாசியிலிருந்து வருவது. தனித்தனியாகப் படித்தால் இரண்டு பதிவுமே சரியாகத் தோன்றும். தொடர்ந்து படிக்கும் வாசகர்தான் குழம்புவார்.

இன்னொன்று, ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருவது. பாறையில் கீறாமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்கும் பெண்கள் என்பது வலுவான காட்சி. எழுதும்போது அது தானாகவே இரண்டு மூன்று பதிவில் வந்து உட்கார்ந்துவிடும். எந்தப் பதிவில் அது அதிகம் தேவைப்படுகிறதோ அங்கே மட்டும் வையுங்கள். இங்கே அது முதல் பதிவுக்குத்தான் சொந்தம்.

மூன்றாவதுதான் அதிகம் வெளியே தெரியும் குறை: நேரத்தைச் சொல்லும் சொற்கள். மேலே காட்டிய வரைவில் "இந்த வாரம் காற்று பலமாக இருப்பதால்" என்று இருக்கிறது. எழுதிய நாளில் அது உண்மை. அந்தப் பதிவு ஐந்து வாரம் கழித்து வெளியாகும்போது காற்று திசை மாறியிருக்கும். ஒவ்வொரு கோப்பிலும் இன்று, நேற்று, நாளை, இந்த வாரம், இந்த மாதம், இப்போது, சமீபத்தில், அடுத்த வாரம் ஆகிய சொற்களைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் தேதியாகவோ பருவமாகவோ மாற்ற வேண்டும். அந்தப் பத்தி திருத்தத்துக்குப் பிறகு இப்படி ஆகும்:

"மூங்கிலை 12 அடிக்கு 12 அடி சதுரமாகக் கட்டுகிறார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமைதியாக இருக்கும். வாடை தொடங்கியதும் இது தலைகீழாகும். அதனால் மிதவை எந்தப் பக்கம் நிற்கும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. விதைப்பாசி கட்டி 45 நாளில் அறுவடை. மீன் கடிக்காமல் இருக்க அடியில் வலை கட்டுவதுண்டு."

நேரச் சொல்லை எடுத்த இடத்தில் காரணம் வந்து சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். இந்த வாரம் என்று எழுதியபோது அது வெறும் செய்தி. பருவத்தோடு எழுதியபோது, ஏன் மிதவை இடம் மாறுகிறது என்பதே புரிந்துவிடுகிறது.

மொழித் திருத்தத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டப்போகும் பத்தியில் ஒற்று சரிபார்ப்பது வீண் வேலை. சந்திக்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி என்ற இரண்டு இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. அவை சொல்வதை எல்லாம் ஏற்க வேண்டாம், குறிப்பாகக் கரைச் சொற்களைப் பிழை என்று காட்டினால். அப்புறம் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடைத்தால் போதும்.

நான்காம் அமர்வு: வரிசையில் வைப்பது

இது எழுத்து வேலை இல்லை, கணக்கு வேலை. களைப்பான நாளிலும் செய்யலாம். ஆனால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே சில தனிச் சிக்கல்கள் உண்டு.

முதலில் நேர மண்டலம். Blogger பயன்படுத்துபவர்கள் Settings பக்கத்தில் Time zone என்பதைப் பாருங்கள். பலருக்கு அது அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் கிடக்கும். அப்படி இருந்தால் காலை 7 மணிக்கு என்று குறித்த பதிவு நமக்கு இரவு ஏழரைக்கோ எட்டரைக்கோதான் வரும். WordPress என்றால் Settings, General பக்கத்தில் Timezone என்ற இடத்தில் Kolkata என்று வையுங்கள். ஒரு முறை செய்தால் போதும்.

அடுத்தது பதிவின் முகவரி. Blogger தலைப்பில் உள்ள தமிழ் எழுத்துகளை முகவரியில் சேர்க்காது. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் முகவரி blog-post_12.html என்பது போல வந்து நிற்கும், எந்தப் பதிவு எது என்று உங்களுக்கே தெரியாது. WordPress தமிழை ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் நீளமான குறியீடாக மாற்றுவதால் தலைப்பு பாதியில் வெட்டுப்படும், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் அரைப் பக்கத்துக்குச் சதவீதக் குறிகளாகத் தெரியலாம். இரண்டிலும் தீர்வு ஒன்றுதான். முகவரியை ஆங்கில எழுத்தில் நீங்களே சிறியதாகக் கொடுங்கள்:

```
kadal-paasi-mithavai
```

Blogger-இல் இது வலப்பக்கப் பட்டியில் Permalink, Custom Permalink என்று இருக்கும். வெளியாவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். வெளியான பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் உடையும்.

தேதி குறிக்க Blogger-இல் அதே பட்டியில் Published on, Set date and time. தேதியும் நேரமும் கொடுத்துவிட்டு Publish அழுத்தினால் உடனே வெளியாகாது, Scheduled என்று பட்டியலில் நிற்கும். அழுத்தாமல் சேமித்து மட்டும் வைத்தால் வரைவாகவே கிடக்கும், குறித்த நாளில் ஒன்றும் நடக்காது. அமர்வு முடிந்ததும் பட்டியலைத் திறந்து நான்குக்கும் எதிரே Scheduled என்று இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சொந்தமாக WordPress நிறுவியிருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அங்கே குறித்த நேரத்தில் வெளியிடும் ஏற்பாடு, தளத்துக்கு யாராவது வரும்போதுதான் விழித்துக்கொள்ளும். வாசகர் குறைவான புதிய தளத்தில் காலை 7 மணிப் பதிவு ஒன்பதுக்கு வந்தால் அதுதான் காரணம். அன்று காலை நீங்களே போனில் தளத்தை ஒரு முறை திறந்தால் பெரும்பாலும் வெளியாகிவிடும்.

இணைப்புகளில்தான் தொகுப்பு எழுத்தாளர்கள் அதிகம் சிக்குகிறார்கள். நான்கு பதிவும் கையில் தயாராக இருப்பதால் முதல் பதிவிலேயே மூன்றாவதுக்கு இணைப்புக் கொடுக்கத் தோன்றும். மூன்றாவது இன்னும் வெளியாகவில்லை, சொடுக்கும் வாசகருக்குப் பக்கம் கிடைக்காது. பின்னோக்கி மட்டும் இணைப்புக் கொடுங்கள்: இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு, மூன்றாவதிலிருந்து முதல் இரண்டுக்கு. நான்காவது வெளியான பிறகு ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி, முதல் மூன்றிலும் முன்னோக்கிய இணைப்புகளைச் சேர்த்துவிடலாம்.

எந்தத் தேதியில் எதை வைப்பது என்பதற்கு நம் கரையில் நாட்காட்டியோடு கடலையும் பார்க்க வேண்டும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகு, மீன் விலை, துறைமுகம் பற்றிய பதிவு அந்த நாட்களில் வெளியாவதானால் தடையை மனதில் வைத்து ஒரு வரியாவது இருக்க வேண்டும். பாசி பற்றியது அவ்வளவு நேரடியாகத் தொடர்புடையதல்ல, என்றாலும் காயவைக்கும் பதிவை ஐப்பசி மழையில் வெளியிடுவதைவிட வெயில் மாதத்தில் வைத்தால் படிப்பவருக்கு ஒட்டும்.

புயல் எச்சரிக்கை வந்தாலோ, கடலில் படகு விபத்து நடந்தாலோ, வரிசையில் நிற்கும் பதிவைத் தள்ளி வையுங்கள். ஊரே கடற்கரையில் கூடி நிற்கும் நாளில், ஐஸ்கிரீமில் கடல்பாசி எப்படிச் சேர்கிறது என்ற பதிவு உங்கள் பெயரில் தானாக வெளியாகி நிற்கும். போனிலிருந்தே தேதியை மாற்றத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் அன்றைய வரிசையை ஒரு பார்வை பார்க்கும் பழக்கமும் வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் போதும்.

எதைத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது

நாள்பட்டால் கெட்டுப்போகும் எதையும் சேர்க்க வேண்டாம். அரசாணை, நிவாரண அறிவிப்பு, ரயில் நேரம், நடந்துகொண்டிருக்கும் போராட்டம் போன்றவற்றை அன்றன்றைக்கு எழுத வேண்டும். விலையும் அப்படித்தான். காய்ந்த பாசி கிலோ என்ன விலை என்று நான்காவது பதிவில் எழுதாமல், விலை எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று எழுதினால் அது ஓராண்டு கழித்தும் நிற்கும். மணல் ஒட்டியிருந்தால் விலை குறையும், வலை விரித்து அதன்மேல் உலர்த்தினால் மணல் ஒட்டாது என்பது போல.

ஆட்களைப் பற்றிய பதிவிலும் கவனம் வேண்டும். ஒருவர் பேசியதை இரண்டு மாதம் கழித்து வெளியிடுவதானால், வெளியாகும் வாரத்தில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதற்குள் அவர் தொழிலை விட்டிருக்கலாம், வீட்டில் துக்கம் நடந்திருக்கலாம், சொன்னதை மாற்றிச் சொல்ல நினைத்திருக்கலாம்.

அடுத்த தொகுப்பின் தகவல் அமர்வை, இரண்டாவது பதிவு வெளியான வாரத்தில் தொடங்குங்கள். அப்போது வரிசையில் இன்னும் இரண்டு நிற்கும், படகு போகும் வாரமோ திருவிழா வாரமோ குறுக்கே வந்தாலும் தட்டுப்பாடு இருக்காது. வெளியான இரண்டு பதிவுக்கும் வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அதற்குள் கையில் இருக்கும். அவற்றில் இரண்டு மூன்று பேர் கேட்டது எதுவோ, அதையே அடுத்த தொகுப்பின் முதல் பதிவுக்கான கேள்வியாக எழுதிக்கொண்டு கரைக்குப் போகலாம்.